சனிக்கிழமை யார் பேசுவது? முறைப் பட்டியலும் மாற்றிக்கொள்ளும் விதியும்

கேள்வி: "நாங்கள் 12 பேர் சேர்ந்து சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பேச்சு மன்றம் நடத்துகிறோம். யார் எந்தத் தேதியில் பேச வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் நான்தான் பட்டியல் போடுகிறேன். இரண்டே வாரத்தில் ஆளாளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். கடைசியில் யார் பேசப் போகிறார் என்று எனக்கே தெரிவதில்லை. இந்தப் பட்டியலை எப்படி எழுதினால் குழப்பம் வராது? மாற்றிக்கொள்வதற்கு ஏதாவது விதி வைக்கலாமா?"

பதில்: விதி வைக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் பட்டியலையே வேறு மாதிரி போட வேண்டும். உங்கள் சிக்கல் ஆட்கள் மாற்றிக்கொள்வதில் இல்லை என்று நினைக்கிறேன். வாராவாரம் நடக்கும் எந்தக் கூட்டத்திலும் மாற்றம் வரத்தான் செய்யும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஷிப்ட் மாறும், ஊரில் கல்யாணம் இருக்கும். மாற்றத்தைத் தாங்குகிற மாதிரி பட்டியல் போடப்படவில்லை, அதுதான் சிக்கல். மேடைப் பேச்சைப் பழகுபவர்கள் கூடும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் நான் கல்வித் துணைத் தலைவராக இருந்தவன். அங்கே முறை போடுவது அந்தப் பொறுப்பில் இருப்பவரின் வேலை. பிறகு எங்கள் ஊரில் உங்களுடையது போலவே ஒரு சின்னத் தமிழ் மன்றத்துக்கும் பல வருடம் முறை போட்டேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கீழே சிலவற்றைக் கணக்கு என்று சொல்வேன், அவற்றை அப்படியே நம்பலாம். சிலவற்றை என் பழக்கம் என்று சொல்வேன், அவற்றை உங்கள் ஆட்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நான் பட்ட பாடு ஒன்று. ஆரம்பத்தில் என் செய்தி இப்படித்தான் இருக்கும்: "இந்த வாரம் பேசுபவர் இன்னார், அடுத்த வாரம் இன்னார்." ஒரு தடவை இரண்டு பேர் போனில் பேசித் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் "அடுத்த சனிக்கிழமை நீங்க பேசிடுங்க" என்றார், மற்றவர் "சரி" என்றார். சொன்னது செவ்வாய்க்கிழமை. சொன்னவர் மனதில் இருந்தது வருகிற சனிக்கிழமை. கேட்டவர் மனதில் இருந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை. கேட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அந்தச் சனிக்கிழமை அவர் பார்வையாளராகத்தான் வந்து உட்கார்ந்தார். நான் மேடைக்கு அவர் பெயரைச் சொல்லி அழைத்ததும் அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. எழுந்து வந்து, "நான் தயாரிக்கலியே தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் சார்ட் பேப்பரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டு வந்தார். அன்றைக்கு நான் ஏற்கெனவே வேறு ஒருவரைப் போட்டிருந்தேன். அந்த சார்ட்டை விரிக்காமலே அவர் எடுத்துப் போனார். தவறு அவர்கள் இருவரிடமும் இல்லை. எழுதியவன் நான், "அடுத்த வாரம்" என்ற சொல்லைக் குழுவில் பழக்கியவனும் நான்.

அதனால் பட்டியலில் "இந்த வாரம்", "அடுத்த வாரம்", "வருகிற சனி" எதுவும் வேண்டாம். தேதி, மாதத்தின் பெயர், கிழமை மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். கிழமை எல்லாம் சனிதானே, எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும். அது உங்கள் கைத்தவறைப் பிடிப்பதற்காக. ஜனவரி 24 என்பதை 25 என்று தட்டிவிட்டால், "25 ஞாயித்துக்கிழமை ஆச்சே, சனின்னு போட்டிருக்கே?" என்று யாராவது ஒருவர் உடனே கேட்பார். கிழமை இல்லாவிட்டால் அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

அதோடு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எண் கொடுங்கள்: கூட்டம் 1, கூட்டம் 2 என்று. விடுமுறைக்காகக் கூட்டம் நடக்காத சனிக்கிழமைக்கு எண் கிடையாது, ஆனால் அந்தத் தேதியும் பட்டியலில் இருக்க வேண்டும், "கூட்டம் இல்லை" என்று. தேதியே இல்லாமல் விட்டால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து யாராவது ஒருவர் பூட்டிய அறை வாசலில் வந்து நிற்பார். இந்த எண் இன்னொரு பெரிய வேலைக்கும் உதவும், அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பட்டியல்கள் பேச்சாளரை மட்டும் போடுகின்றன. ஆனால் ஒரு கூட்டத்துக்கு மேலும் ஆட்கள் வேண்டும். 1924-ல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி டோஸ்ட்மாஸ்டர்ஸைத் தொடங்கியபோதே, உறுப்பினர்களே மாறி மாறிப் பேசுவது, கூட்டத்தை நடத்துவது, ஒருவர் பேச்சை இன்னொருவர் மதிப்பிடுவது என்றுதான் அமைந்தது. பெரும்பாலான பேச்சு மன்றங்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்த அச்சில்தான் ஓடுகின்றன. உங்கள் 12 பேரை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேச்சாளர்கள், அவர்களை மதிப்பிட இரண்டு பேர், ஒரு நெறியாளர், ஒரு டைமர், ஆக ஆறு பேருக்கு வேலை. மீதி ஆறு பேருக்கு அன்றைக்கு ஓய்வு. தயாரித்த பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம், மதிப்பீட்டுக்கு 2 முதல் 3 நிமிடம் என்பது டோஸ்ட்மாஸ்டர்ஸ் வழக்கம். அதன்படி இந்த நான்கு பேருக்கும் அதிகபட்சம் 20 நிமிடம் போதும். ஒரு மணி நேரக் கூட்டத்தில் மிச்ச நேரத்தை உடனடிப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு முறையை மட்டும் பட்டியலில் போட்டு, மதிப்பிடுபவரையும் நெறியாளரையும் அன்றன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும்? யாராவது இருவர் பேச்சை மாற்றிக்கொள்ளும்போது, அன்றைக்கு நெறியாளராக ஒப்புக்கொண்டவரே பேச்சாளராகவும் வந்து நிற்பார். குழப்பத்தின் வேர் பெரும்பாலும் இதுதான். ஆகவே எல்லா வேலைகளையும் ஒரே பட்டியலில், ஒரு சீரான சுற்றாகப் போட வேண்டும்.

அதற்கு நான் செய்வது இது. 12 பேரை ஆறு ஜோடியாகப் பிரித்து 1 முதல் 6 வரை எண் போடுங்கள். கூட்டம் 1-ல் ஜோடி 1 பேசும், ஜோடி 3 மதிப்பிடும், ஜோடி 5-ல் ஒருவர் நெறியாளர், மற்றவர் டைமர். கூட்டம் 2-ல் எல்லா எண்ணையும் ஒன்று கூட்டுங்கள்: ஜோடி 2 பேசும், 4 மதிப்பிடும், 6 நடத்தும். கூட்டம் 3-ல் 3, 5, மறுபடி 1. இப்படியே ஆறு கூட்டம் போனால் ஒவ்வொருவரும் ஒரு தடவை பேசி, ஒரு தடவை மதிப்பிட்டு, ஒரு தடவை கூட்டம் நடத்தி முடித்திருப்பார்கள். ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு என்று மாறி மாறி வரும். அடுத்த சுற்றில் நெறியாளரையும் டைமரையும் இடம் மாற்றுங்கள்.

2026 ஜனவரியை வைத்து ஒரு முழுச் செய்தியைப் போட்டுக் காட்டுகிறேன். பெயர்கள் கற்பனை, தேதிகள் நிஜம். அந்த மாதம் பொங்கல் 15-ஆம் தேதி வியாழன், 17 சனிக்கிழமை காணும் பொங்கல்.

பேச்சு மன்றம், பட்டியல் 1 (டிசம்பர் 28, ஞாயிறு இரவு)
கூட்டம் 1, ஜனவரி 3, சனி. பேச்சு: அமுதா, பாலு. மதிப்பீடு: செல்வி, தாமஸ். நெறியாளர்: பாண்டியன். டைமர்: ஃபாத்திமா.
கூட்டம் 2, ஜனவரி 10, சனி. பேச்சு: சாந்தி, டேவிட். மதிப்பீடு: குமார், நித்யா. நெறியாளர்: வேலு. டைமர்: யமுனா.
ஜனவரி 17, சனி. காணும் பொங்கல், கூட்டம் இல்லை.
கூட்டம் 3, ஜனவரி 24, சனி. பேச்சு: செல்வி, தாமஸ். மதிப்பீடு: பாண்டியன், ஃபாத்திமா. நெறியாளர்: அமுதா. டைமர்: பாலு.
கூட்டம் 4, ஜனவரி 31, சனி. பேச்சு: குமார், நித்யா. மதிப்பீடு: வேலு, யமுனா. நெறியாளர்: சாந்தி. டைமர்: டேவிட்.
கூட்டம் 5, பிப்ரவரி 7, சனி. பேச்சு: பாண்டியன், ஃபாத்திமா. மதிப்பீடு: அமுதா, பாலு. நெறியாளர்: செல்வி. டைமர்: தாமஸ்.
கூட்டம் 6, பிப்ரவரி 14, சனி. பேச்சு: வேலு, யமுனா. மதிப்பீடு: சாந்தி, டேவிட். நெறியாளர்: குமார். டைமர்: நித்யா.
மாற்ற வேண்டுமா? ஆளை நீங்களே பிடியுங்கள். முன்னோ பின்னோ பக்கத்துக் கூட்டத்தில் பேசுபவரிடம் மட்டும் கேளுங்கள். இருவரும் இந்தக் குழுவிலேயே இரண்டு தேதியையும் எழுதுங்கள். புதன் இரவு 9 மணிக்குள். நான் புதுப் பட்டியல் போடும்வரை பழைய முறையே செல்லும்.

கடைசியில் இருக்கும் ஐந்து வாக்கியங்கள்தான் உங்கள் விதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அதில் "பக்கத்துக் கூட்டம் மட்டும்" என்பது பலருக்கும் விநோதமாகப் படும், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

ஜனவரி 26 திங்கள் குடியரசு தினம். 24, 25, 26 மூன்று நாள் சேர்ந்து லீவு. ஜனவரி 24-ல் பேச வேண்டிய செல்வி ஊருக்குப் போக நினைக்கிறார் என்று வையுங்கள். அவருக்குப் பாண்டியனோடு நல்ல பழக்கம், அதனால் பிப்ரவரி 7-ல் பேச இருக்கும் அவரிடம் கேட்கிறார். அவரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார். இப்போது பட்டியலைப் பாருங்கள். ஜனவரி 24-ல் பாண்டியன் ஏற்கெனவே மதிப்பீட்டாளர், அதுவும் செல்வியின் பேச்சுக்கே. இந்த மாற்றத்தால் அவர் பேச்சை அவரே மதிப்பிட வேண்டியதாகிறது. பிப்ரவரி 7-ல் செல்வி நெறியாளர். அவரே மேடையில் நின்று "அடுத்துப் பேச வருபவர் செல்வி" என்று அறிவிக்க வேண்டியதுதான். இதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு பேரை நகர்த்த வேண்டும், அவர்களை நகர்த்தினால் வேறு இரண்டு இடம் இடிக்கும். ஒரே ஒரு மாற்றம் பட்டியல் முழுவதையும் கலைப்பது இப்படித்தான்.

அதே செல்வி ஜனவரி 31-ல் பேச இருக்கும் குமாரிடம் கேட்டால்? 31-ல் செல்விக்கு எந்த வேலையும் இல்லை. 24-ல் குமாருக்கும் இல்லை. இரண்டு பெயர் மட்டும் இடம் மாறும், வேறு ஒருவரையும் தொட வேண்டாம். இது தற்செயல் இல்லை. நான் சொன்ன சுற்றில் ஒற்றைப்படை ஜோடிகளுக்கு ஒற்றைப்படைக் கூட்டங்களில்தான் எப்போதும் வேலை, இரட்டைப்படை ஜோடிகளுக்கு இரட்டைப்படைக் கூட்டங்களில்தான். ஆகவே ஒற்றையும் இரட்டையும் மாற்றிக்கொண்டால் ஒருபோதும் இடிக்காது. ஒற்றையும் ஒற்றையும் மாற்றினால் கட்டாயம் இடிக்கும். இது கணக்கு, இதில் சந்தேகம் இல்லை. பக்கத்துக் கூட்டம் என்றாலே ஒன்று ஒற்றை, மற்றது இரட்டையாகத்தான் இருக்கும், அதனால் ஆட்களிடம் "பக்கத்துக் கூட்டம்" என்று மட்டும் சொன்னால் போதும். எண்ணுவது கூட்டத்தின் எண்ணைத்தான், காலண்டர் வாரத்தை அல்ல. ஜனவரி 10-க்கும் 24-க்கும் நடுவில் பொங்கல் விடுமுறை வந்தாலும் அவை கூட்டம் 2, கூட்டம் 3. பக்கத்துக் கூட்டங்கள்தான்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. ஒரு தடவை மாற்றிக்கொண்டவர் அந்தச் சுற்றில் மறுபடியும் மாற்றக் கேட்டால், ஒற்றை இரட்டைக் கணக்கு காப்பாற்றாது. குமார் இப்போது இரட்டைப்படை ஆளாக இருந்துகொண்டு ஒற்றைப்படைக் கூட்டத்தில் பேசுகிறார். அவர் மறுபடி நகர வேண்டுமானால் நீங்கள் பட்டியலைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அதனால் ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு ஒரு மாற்றம்தான் என்று வைத்துக்கொண்டேன். இது கணக்கு சொல்கிற விதி இல்லை, என் பழக்கம்.

மாற்றும்போது நகர்வது பேச்சு மட்டும்தான் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டாளர் தேதிக்குச் சொந்தம், பேச்சாளருக்கு அல்ல. செல்வியைக் கேட்கத் தயாராக இருந்த பாண்டியன் ஜனவரி 24-ல் அங்கேயேதான் இருப்பார், குமாரை மதிப்பிடுவார். ஆனால் இதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். என்ன தலைப்பு, எதைக் கவனிக்கச் சொல்கிறார் என்று பேச்சாளரிடம் முன்கூட்டியே கேட்டு வருபவர்தான் நல்ல மதிப்பீட்டாளர். புதன் இரவு என்று கெடு வைத்ததே அதற்காகத்தான்: வியாழன், வெள்ளி இரண்டு நாள் அவருக்கு வேண்டும். உங்கள் மன்றத்தில் ஆட்கள் வேறு மாதிரி இருந்தால் வியாழன் என்று வைத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. மதிப்பீடு, நெறியாளர், டைமர் வேலைகளை மாற்ற வேண்டும் என்றால் இன்னும் சுலபம். அன்றைக்கே வேறு வேலை உள்ள ஒருவரோடு வேலையை மாற்றிக்கொண்டாலும் போதும், தேதி மாறாது.

"ஆளை நீங்களே பிடியுங்கள்" என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆரம்பத்தில் எல்லாரும் என்னிடம்தான் "இந்த வாரம் முடியாது, யாரையாவது பார்த்துப் போட்டுக்குங்க" என்பார்கள், நானும் பத்துப் பேருக்குப் போன் போட்டு ஆள் பிடிப்பேன். அப்படிச் செய்தால் முறை என்பது உங்கள் தலைவலியாகிவிடும், அவர்களுடையதாக இருக்காது. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அந்த இடம் அவருடையது. இன்னொருவர் ஏற்றுக்கொள்ளும்வரை அவருடையதுதான். "முடியாது" என்று குழுவில் எழுதிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று யாரும் நினைக்காத அளவுக்கு இதை இரண்டு மூன்று தடவை அன்பாகச் சொல்ல வேண்டியிருக்கும். இந்த விதி பழக எங்களுக்கு ஒரு முழுச் சுற்று ஆனது.

அடுத்தது, இருவரும் குழுவில் எழுதுவது. போனில் பேசி முடித்துவிட்டு ஒருவர் மட்டும் வந்து "நானும் குமாரும் மாத்திக்கிட்டோம்" என்று போட்டால் ஏற்காதீர்கள். செல்வி எழுத வேண்டியது: "ஜனவரி 24 என் பேச்சைக் குமார் எடுக்கிறார். ஜனவரி 31 அவர் பேச்சை நான் எடுக்கிறேன்." குமார் அதற்குப் பதிலாக எழுத வேண்டியது: "ஆமாம், ஜனவரி 24 நான், ஜனவரி 31 செல்வி." கட்டைவிரல் படம் போதாது. கட்டைவிரல் என்றால் பார்த்தேன் என்றும் பொருள், சரி என்றும் பொருள். அந்த ஆசிரியை விஷயத்தில் நடந்தது போல இருவர் மனதிலும் வேறு வேறு தேதி இருந்தால், இரண்டாவது ஆள் தன் கையால் தேதியைத் தட்டும்போதுதான் அது வெளியே வரும்.

அப்புறம் பட்டியலைத் திருத்தும் கை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பல குழுக்களில் ஒருவர் போட்ட பட்டியலை நகல் எடுத்து, தன் பெயரை மாற்றி, மறுபடி ஒட்டும் பழக்கம் இருக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் அப்படிச் செய்தால், இருவருமே பழைய பட்டியலிலிருந்து நகல் எடுத்திருப்பார்கள். பின்னால் ஒட்டியவருடைய பட்டியலில் முன்னால் ஒட்டியவர் செய்த மாற்றம் இருக்காது. யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை, ஆனால் ஒரு மாற்றம் காணாமல் போயிருக்கும், சனிக்கிழமை வரை அது தெரியாது. உங்கள் குழுவில் யார் பேசுகிறார் என்று உங்களுக்கே தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பழைய செய்திகளை மேலே போய்ப் பாருங்கள். ஒரே மாதிரிப் பட்டியல் நாலைந்து பேர் பெயரில் இருந்தால் இதுதான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரைதான் திருத்த முடியும். அது ஒரு விதத்தில் நல்லதுதான். திருத்த முடிந்தாலும் திருத்தாதீர்கள், ஏனென்றால் ஏற்கெனவே படித்தவருக்கு மாறியது தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக ஒரு செய்தி போடுங்கள், முதல் வரியில் "பட்டியல் 2" என்று எண்ணும், போட்ட நாளும் இருக்கட்டும். அதற்கு அடுத்த வரியில் என்ன மாறியது என்று ஒரே வாக்கியம்: "மாற்றம்: ஜனவரி 24 குமார், ஜனவரி 31 செல்வி." அதன் கீழே முழுப் பட்டியல். நடந்து முடிந்த கூட்டங்களை எடுத்துவிடுங்கள். செய்தி நீளமானால் பாதிதான் திரையில் தெரியும், மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். பலர் திறப்பதில்லை. அதனால் அடுத்த கூட்டம் எப்போதும் மேலே வர வேண்டும். புதுப் பட்டியலைப் பின் செய்து, பழையதின் பின்னை எடுத்துவிடுங்கள். பின் செய்யும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். 30 நாள் கொடுங்கள். ஆறு கூட்டத்துக்கு அதுவும் போதாது, நடுவில் ஒரு தடவை மறுபடி பின் செய்ய வேண்டும். யாராவது "எனக்கு எப்போ?" என்று கேட்டால் தேதியைச் சொல்வதற்கு முன்னால், "பட்டியல் 2-ஐப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். அவர் கையில் பழைய பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் இருப்பது அப்போதுதான் தெரியும்.

கூகுள் ஷீட்டில் போட்டு லிங்க் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் பார்க்க நானும் ஷீட் வைத்துக்கொண்டேன், ஆனால் அறிவிப்பைச் செய்தியாகத்தான் போட்டேன். லிங்கைத் திறந்து பார்ப்பவர்கள் எங்கள் மன்றத்தில் மூன்று நான்கு பேர்தான். உங்கள் ஆட்கள் எல்லாரும் ஷீட்டில் பழகியவர்களாக இருந்தால் இதை நீங்கள் தாராளமாக மாற்றலாம்.

இனி எனக்கே உறுதியில்லாத இடம். புதன் இரவுக்குப் பிறகு ஒருவருக்கு நிஜமாகவே முடியாமல் போனால்? அது மாற்றம் இல்லை, அவசரம். அதற்கு அன்றைக்கு ஓய்வில் இருக்கும் ஆறு பேரில் ஒருவரைக் கையிருப்பாக வைத்திருப்பேன். நான் எடுப்பது அடுத்த கூட்டத்தில் பேச இருப்பவரை. அவர் பாதியாவது தயாரித்திருப்பார், அன்றைக்கு வேறு வேலையும் இல்லை. அவர் முன்வந்து பேசினால், வராதவர் அடுத்த கூட்டத்தில் அவர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். பார்த்தால் அதுவும் பக்கத்துக் கூட்ட மாற்றம்தான், கணக்கு இடிக்காது. யாருமே தயாராக இல்லாவிட்டால் அந்த 7 நிமிடத்தை உடனடிப் பேச்சுக்குக் கொடுத்துவிடுவேன். ஒருவருக்கு 1 முதல் 2 நிமிடம் என்றால் நான்கு பேர் பேசலாம். வேலை இல்லாத வாரம் வீட்டிலேயே இருந்துவிடுபவர்களை வரவழைக்கவும் இது உதவியது, ஏனென்றால் உடனடிப் பேச்சுக்கு அவர்களைத்தான் கூப்பிடுவோம்.

ஆனால் சொல்லாமலே வராதவரை என்ன செய்வது? சில மன்றங்களில் அவரைச் சுற்றின் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் ஒரு வருடம் அப்படிச் செய்தேன். ஒரு பெண்மணி அதோடு வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு தள்ளுவதை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை மறுநாள் வேலை உள்ள ஆறு பேருக்கும் தனித்தனியாக ஒரு வரி அனுப்ப ஆரம்பித்தேன்: "நாளைக்கு மதிப்பீடு நீங்க, வர்றீங்கதானே?" பதில் வராதவருக்குப் போன். வராமல் போவது ரொம்பவும் குறைந்தது. ஆனால் அது இந்தச் செய்தியாலா, தண்டனையை எடுத்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சுற்றில் ஒரு குறையும் உண்டு. ஒற்றைப்படை ஆட்களை எப்போதும் ஒற்றைப்படை ஆட்களே மதிப்பிடுவார்கள், அதிலும் செல்வியை மதிப்பிடுவது ஒவ்வொரு சுற்றிலும் பாண்டியனாகவே இருக்கும். ஒரே காது கேட்டு ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தால் பேசுபவர் வளர மாட்டார். அதனால் ஆறு கூட்டம் முடிந்ததும் 12 பெயர்களையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் புது ஜோடி போடுங்கள். குலுக்கலில் ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு பேச்சு விழுந்தால், அதாவது போன சுற்றில் கடைசிக் கூட்டத்திலும் புதுச் சுற்றில் முதல் கூட்டத்திலும் அவரே வந்தால், அதை மட்டும் கையால் மாற்றிவிடுங்கள்.

ஆள் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறும், இதைக் கவனிக்க வேண்டும். 14 பேர் ஆனால் ஏழு ஜோடி, ஏழு கூட்டம். அப்போது ஒற்றை இரட்டை விதி உடைந்துவிடும், ஆனால் "பக்கத்துக் கூட்டம் மட்டும்" என்ற விதி நிற்கும். அதனால்தான் அறிவிப்பில் ஒற்றை இரட்டை என்று எழுதாமல் பக்கத்துக் கூட்டம் என்றே எழுதச் சொன்னேன். 16 பேருக்கும் அதே விதி போதும். 10 பேராகக் குறைந்தால் மட்டும் சுற்றையே மாற்ற வேண்டும். ஐந்து ஜோடியில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால், எந்த இருவர் மாற்றிக்கொண்டாலும் எங்கேயாவது இடிக்கும். அப்போது பேசுவதற்கு முந்தைய கூட்டத்தில் மதிப்பீடு, பேசியதற்கு அடுத்த கூட்டத்தில் நெறியாளர் அல்லது டைமர் என்று வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து வேலை, இரண்டு வாரம் ஓய்வு. இந்தச் சுற்றில் பக்கத்துக் கூட்டத்தோடு மாற்றக் கூடாது, ஒன்று விட்டு அடுத்த கூட்டத்தில் பேசுபவரோடு மாற்றலாம்.

சுற்றின் நடுவில் 13-ஆவது ஆள் வந்து சேர்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலைக் கலைக்காதீர்கள். அவருடைய முதல் பேச்சு சின்னது. தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முதல் பேச்சுக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸில் 4 முதல் 6 நிமிடம்தான். ஏதாவது ஒரு கூட்டத்தில் மூன்றாவது பேச்சாக அதைச் சேர்த்து, அன்றைக்கு ஓய்வில் இருப்பவர்களில் நிதானமானவர் ஒருவரை மதிப்பிடச் சொல்லுங்கள். பட்டியலில் அந்தக் கூட்டத்தின் வரியில் மட்டும் அந்த இரண்டு பெயரும் சேரும், மற்ற வரிகள் அப்படியே இருக்கும். 14-ஆவது ஆள் வரும்வரை அவருக்கு ஜோடி கிடையாது. அதுவரை அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் டைமருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 5-ஆவது நிமிடம் பச்சை, 6-ல் மஞ்சள், 7-ல் சிவப்பு என்று அட்டை காட்டக் கற்றுக்கொள்ளலாம்.